களிமண்ணுக்குக் காசு உண்டா?

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். மூன்றாம் வகுப்பு. அவளுடைய பயிற்சிப் புத்தகத்தில் 'பொருந்தாததைத் தேர்ந்தெடு' என்று ஒரு கேள்வி:

பசு : கன்று
ஆடு : குட்டி
கோழி : குஞ்சு
எருமை : கொட்டில்

அவள் யோசிக்கவே இல்லை. "கோழிதான் தாத்தா. அதுக்கு மட்டும்தான் ரெண்டு கால்" என்றாள்.

தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு பிள்ளையிடம் அவசரப்பட்டுச் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. அதைத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்ததும், இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்ற பழைய கதையும் கூடவே வந்துவிட்டது.

2010 வாக்கில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வுக்கு மாலை நேரத்தில் தயார் செய்துகொண்டிருந்தேன். உங்களில் சிலருக்கு அந்த மாலைகள் ஞாபகம் இருக்கும். மனத்திறன் பகுதியில் 90 கேள்வி, படிப்பறிவுப் பகுதியில் 90 கேள்வி. தேர்வானால் அந்நாளில் மாதம் 500 ரூபாய். இப்போது ஆயிரம். நம் பக்கத்து நெசவாளர் வீடுகளுக்கு அது சின்னத் தொகை இல்லை.

பயிற்சிக்காக நானே ஒரு கேள்வி எழுதிப் போட்டேன். பொருந்தாத ஜோடி எது?

தச்சர் : மரம்
குயவர் : களிமண்
கொல்லர் : இரும்பு
நெசவாளர் : தறி

என் விடைத்தாளில் நான்காவது. மரமும் களிமண்ணும் இரும்பும் மூலப்பொருள்கள், தறி கருவி. 'நெசவாளர் : நூல்' என்றிருந்தால் பொருந்தியிருக்கும். வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் சரியாக எழுதிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் இரண்டாவதைக் குறித்திருந்தாள். பெயர் வேண்டாம், அவளும் இதைப் படிக்கக்கூடும். ஏன் என்று கேட்டேன். "களிமண்ணு ஏரியில சும்மா கெடைக்கும் சார். மத்ததுக்கெல்லாம் காசு வேணும்" என்றாள். "நூல் மொதலாளி குடுத்துடுவாரு. தறிதான் நாம வாங்கணும். எங்க வீட்ல கடன் வாங்கித்தான் தறி போட்டோம்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "கடன் கணக்கைக் கேட்கலம்மா, விடையைக் கேட்டேன்" என்று சொல்லிச் சிவப்பு மையில் குறுக்குக்கோடு போட்டேன். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எந்த விடைக்கும் காரணம் சொன்னதில்லை. கேட்டால், "கீ-ல என்ன போட்டிருக்கு சார்?" என்று திருப்பிக் கேட்கும்.

அவள் சொன்னது சரியா தப்பா? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

பேத்தியின் கேள்விக்கே வருவோம். அவள் இடது பக்கச் சொற்களை மட்டும் பார்த்தாள். பசு, ஆடு, கோழி, எருமை. இதில் கோழிதான் பறவை. அந்த நான்கு சொற்கள் மட்டும் இருந்திருந்தால் அவள் சொன்னதுதான் விடை. ஆனால் நடுவில் அந்த இரண்டு புள்ளி இருக்கிறது. அது வந்ததும் கேள்வியே மாறிவிடுகிறது. பசு எப்படிப்பட்டது என்று கேள்வி கேட்கவில்லை. பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்கிறது. கன்று பசுவின் இளமை. குட்டி ஆட்டின் இளமை. குஞ்சு கோழியின் இளமை. கொட்டில் எருமை கட்டுமிடம். எனவே எருமை. ஜோடிக்குள் இருக்கும் உறவுதான் விடையைத் தீர்மானிக்கிறது. ஜோடியில் இருப்பவர்கள் யார் என்பது கணக்கில் வராது. கல்யாணப் பத்திரிகை மாதிரிதான். இரண்டு பெயர் மட்டும் இருந்தால் நமக்கு ஒன்றும் விளங்காது. நடுவில் இருக்கும் 'மகன்', 'மகள்' என்ற சொல்தான் விஷயத்தைச் சொல்கிறது.

இந்த இரண்டு புள்ளி சமாசாரம் மொழிப் பாடத்திலிருந்து வந்ததில்லை. கணக்கிலிருந்து வந்தது. கிரேக்கர்கள் விகித சமத்தை 'அனலோகியா' என்று சொன்னார்கள். இரண்டுக்கு நான்கு எப்படியோ மூன்றுக்கு ஆறு அப்படி. அந்தக் கணக்குச் சொல்லை எடுத்து மொழிக்குப் பயன்படுத்தியவர் அரிஸ்டாட்டில். கவிதையியல் பற்றிய தன் நூலில், வாழ்க்கைக்கு முதுமை எப்படியோ நாளுக்கு மாலை அப்படி, அதனால் மாலையை நாளின் முதுமை என்று கவிஞன் சொல்லலாம் என்று விளக்குகிறார். முதுமையும் மாலையும் பார்வைக்கு ஒன்றுபோல் இல்லை. ஒன்றுபோல் இருப்பது அவை தத்தம் முழுமையில் வகிக்கும் இடம்.

நமக்கும் இது புதிதில்லை. முதல் குறளை நினைத்துப் பாருங்கள். எழுத்துகளுக்கு அகரம் எப்படியோ, உலகத்துக்கு இறைவன் அப்படி. அகரமும் இறைவனும் ஒரே மாதிரி என்று வள்ளுவர் சொல்லவில்லை. இரண்டு ஜோடிகளை வைத்து, உள்ளே இருக்கும் உறவு ஒன்று என்கிறார். எடுத்துக்காட்டு உவமையணி என்று பத்து மதிப்பெண்ணுக்கு உங்களை நான் எழுத வைத்தது இதைத்தான்.

விகித சமத்துக்கு நடுவில் நான்கு புள்ளி வைக்கும் வழக்கம் வில்லியம் ஆட்ரெட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1631-இல் வெளியிட்ட கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. சைவ வைணவச் சண்டை மாதிரி, கணக்குக்காரர்கள் இந்தக் குறியீடுகளுக்காகப் பிறகு நிறையச் சண்டை போட்டார்கள். அது நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம்.

கணக்கில் 2 : 4 :: 3 : ? என்று எழுதினால் விடை 6 மட்டுமே. ஏனென்றால் அங்கே அந்த இரண்டு புள்ளிக்கு ஒரே ஒரு அர்த்தம், வகுத்தல். இதையே ஒரு திறனறித் தேர்வில் எழுதிப் பாருங்கள். இரட்டிப்பு என்று நினைப்பவனுக்கு 6. இரண்டைக் கூட்டுவது என்று நினைப்பவனுக்கு 5. தன்னைத்தானே பெருக்குவது என்று நினைப்பவனுக்கு 9. மூன்றும் 2-ஐ 4 ஆக்குகின்றன. தப்பு பிள்ளையிடம் இல்லை. 2-உம் 4-உம் மோசமான ஜோடி. உறவைக் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு அதில் விஷயம் இல்லை. 5 : 25 என்று கொடுத்திருந்தால் இருபதைக் கூட்டலாம், ஐந்தால் பெருக்கலாம், வர்க்கமும் ஆகலாம். இன்னொரு ஜோடி, 7 : 49 என்று சேர்த்துக் கொடுத்தால்தான் வர்க்கம் ஒன்று மட்டும் மிஞ்சும்.

கணக்கிலிருந்து குறியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தோம். அதன் அர்த்தத்தைக் கட்டிப்போட்ட கயிற்றை அங்கேயே விட்டுவிட்டோம். சொற்களுக்கு நடுவில் அந்த இரண்டு புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதைக் கண்டுபிடிப்பதுதான் கேள்வி. இந்த வகைக் கேள்வியின் அழகும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

இது எப்படித் தேர்வுக்குள் வந்தது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சார்லஸ் ஸ்பியர்மன் என்ற உளவியலாளர் அறிவுத்திறனை அளக்க முயன்றார். 1923-இல் வெளியான அவருடைய நூலில், அறிவு வேலை செய்வதன் சாரமாக இரண்டு காரியங்களைச் சொன்னார். இரண்டு பொருளைக் கொடுத்தால் நடுவில் உள்ள உறவைக் காண்பது ஒன்று. ஒரு பொருளையும் ஓர் உறவையும் கொடுத்தால் மற்ற பொருளைக் காண்பது இன்னொன்று. நம் ஒப்புமைக் கேள்வியில் இந்த இரண்டுமே அடுத்தடுத்து நடக்கின்றன. பசுவையும் கன்றையும் பார்த்து உறவைப் பிடிக்கிறோம். பிறகு அந்த உறவை ஆட்டின் மேல் ஏற்றிக் குட்டியைப் பிடிக்கிறோம். அதனால்தான் அவர் வழி வந்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் மேல் அவ்வளவு பிரியம்.

அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, சேர்ந்த சிப்பாய்களைத் தரம் பிரிக்க ஒரு தேர்வு வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு 'ஆர்மி ஆல்பா'. தெரியாதவர்களுக்குப் படங்கள் கொண்ட 'பீட்டா'. இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 17 லட்சம் பேரை உட்கார வைத்தார்கள். ஆல்பாவின் ஏழாவது பகுதி முழுக்க ஒப்புமைக் கேள்விகள், 40 கேள்வி. அந்தப் படைத் தேர்வுகளில் வேலை செய்த கார்ல் பிரிகாம் என்பவர்தான் பிறகு கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வை உருவாக்கினார். 1926 ஜூன் மாதம் எட்டாயிரம் மாணவர்கள் அதை முதன்முதலாக எழுதினார்கள். அதிலும் ஒப்புமைப் பகுதி இருந்தது.

பிரிகாமைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1923-இல் அவர் ஒரு நூல் எழுதினார். படைத் தேர்வு மதிப்பெண்களை வைத்து, எந்த நாட்டிலிருந்து குடியேறியவர்களுக்கு அறிவு அதிகம், எவர்களுக்குக் குறைவு என்று தரம் பிரித்தார். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கும், நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியவனுக்கும் ஒரே தாள்! ஏழு வருடம் கழித்து, 1930-இல், அந்த ஒப்பீடுகளுக்கு ஆதாரம் இல்லை என்று தானே எழுதித் தன் நூலைத் தானே கைவிட்டார். தன் தப்பைத் தானே அச்சில் ஒப்புக்கொள்வது எல்லோராலும் முடிகிற காரியமில்லை.

பிரிகாம் பின்வாங்கிய அடுத்த வருடம், 1931-இல், உலகின் வேறொரு மூலையில் வேறொருவர் இதே விஷயத்தில் கைவைத்தார். ரஷ்ய உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா. மத்திய ஆசியாவில் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்கு 1931, 1932 இரண்டு வருடமும் போனார். பள்ளிக்கூடமே பார்க்காத விவசாயிகளோடு உட்கார்ந்து பேசினார். அவர் காட்டிய ஒரு தொகுதி: சுத்தியல், ரம்பம், மரக்கட்டை, கைக்கோடரி. இதில் சேராதது எது?

நீங்களும் நானும் மரக்கட்டை என்போம். மற்ற மூன்றும் கருவிகள். அந்த விவசாயி சேராதது எதுவுமே இல்லை என்றார். ரம்பம் கட்டையை அறுக்கும், கோடரி அதைப் பிளக்கும். கட்டையை எடுத்துவிட்டால் மற்ற மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேறொருவர் கட்டையைத்தான் தள்ளினார், மற்றவை கருவிகள் என்றார், என்று லூரியா எடுத்துச் சொல்லியும் பார்த்தார். கருவி இருந்தாலும் கட்டை இல்லாமல் ஒன்றும் கட்ட முடியாதே என்று பதில் வந்தது.

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். அந்த மனிதர் உறவைப் பார்க்கத் தெரியாதவர் இல்லை. உறவை மட்டும்தான் பார்த்தார். ரம்பம் : கட்டை, கோடரி : கட்டை என்று அவர் மனத்தில் ஜோடி ஜோடியாக இருந்தது. கேள்வி கேட்டவர் தேடியது வகை. பதில் சொன்னவர் பார்த்தது வேலை. அதே ஊர்களில் கொஞ்ச காலம் பள்ளிப் பயிற்சி பெற்றவர்கள் சுலபமாக வகை பிரித்தார்கள் என்பதையும் லூரியா குறித்திருக்கிறார். ஒரு மனிதனின் மூளை ஒன்றிரண்டு வருடத்தில் மாறிவிடாது. மாறியது, 'சேராதது எது' என்று வாத்தியார் கேட்டால் என்ன அர்த்தம் என்ற உடன்பாடு. பள்ளிக்கூடம் நமக்கு முதலில் சொல்லித்தருவது அந்த உடன்பாட்டைத்தான். அதைச் சொல்லித்தருகிறோம் என்பதே நமக்குத் தெரியாது. அரசியல் காரணங்களால் லூரியாவின் இந்த ஆய்வு முழு நூலாக வர 1974 வரை ஆனது.

இனி எஸ்.ஏ.டி.யில் வந்து பெரிய விவாதமாகிப்போன ஒரு கேள்வியைப் பார்ப்போம். வகுப்பில் செய்வது போலவே படிப்படியாகச் செய்வோம்.

ஓட்டக்காரர் : மராத்தான்

இதே உறவுள்ள ஜோடி எது?
அ) தூதர் : தூதரகம்
ஆ) தியாகி : படுகொலை
இ) துடுப்புக்காரர் : ரெகாட்டா
ஈ) நடுவர் : போட்டித்தொடர்
உ) குதிரை : லாயம்

உங்களுக்கு எப்போதும் சொல்வேனே, விடைகளைப் பார்க்காதே, முதலில் ஜோடியை வைத்து ஒரு வாக்கியம் எழுது என்று. எழுதுவோம். 'ஓட்டக்காரர் மராத்தானில் இருப்பார்.' இந்த வாக்கியத்தில் விடைகளை ஏற்றிப் பார்த்தால் தூதர் தூதரகத்தில் இருப்பார், நடுவர் போட்டித்தொடரில் இருப்பார், குதிரை லாயத்தில் இருக்கும். மூன்று விடை வந்துவிட்டது. வாக்கியம் தளர்ந்துபோய் இருக்கிறது என்று அர்த்தம். இறுக்குவோம். 'ஓட்டக்காரர் மராத்தானில் பங்கேற்பார்.' தூதரும் குதிரையும் விழுந்துவிட்டார்கள். நடுவர் இன்னும் நிற்கிறார், அவரும் ஒரு வகையில் பங்கேற்பவர்தானே. இன்னும் ஒரு சுற்று இறுக்குவோம். 'ஓட்டக்காரர் மராத்தானில் போட்டியிடுவார்.' நடுவர் போட்டியிட மாட்டார். மிஞ்சுவது துடுப்புக்காரர் : ரெகாட்டா. ரெகாட்டா என்றால் படகுப் போட்டி.

இந்தக் கடைசி வரியைப் படிக்கும்வரை உங்களில் எத்தனை பேருக்கு ரெகாட்டா என்றால் என்னவென்று தெரியும்? கையைத் தூக்காதீர்கள், எனக்கும் தெரியாது. படகுக் கிளப்பில் பிள்ளைகளைச் சேர்க்கும் குடும்பங்களில் அது சாப்பாட்டு மேசையில் புழங்கும் சொல். மற்ற வீடுகளில் இல்லை. இந்தக் கேள்விக்கு வெள்ளை மாணவர்களில் 53 சதவீதம் பேரும் கறுப்பின மாணவர்களில் 22 சதவீதம் பேரும் சரியாக எழுதினார்கள் என்ற கணக்கு வெளியானது. உறவைக் கண்டுபிடிக்கும் கேள்வி என்று பெயர். உண்மையில் அது அளந்தது ஒரு சொல் எந்த வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது என்பதை. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட சொல் எதுவும் இல்லாத கேள்விகளிலும் இடைவெளி இருந்தது, எனவே ஒரு சொல்லின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது என்று வாதிட்டவர்களும் உண்டு. அந்த வழக்கு இன்றுவரை முடியவில்லை. ஆனால் உறவை அளக்கும் கேள்வியில் உறவுதான் கடினமாக இருக்க வேண்டும், சொல் கடினமாக இருக்கக் கூடாது என்ற பாடத்தை யாரும் மறுக்க மாட்டார்கள்.

2001 பிப்ரவரியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ரிச்சர்ட் அட்கின்சன் ஒரு கூட்டத்தில் பேசினார். அவரே உளவியல் பேராசிரியர். வசதியான ஒரு தனியார் பள்ளிக்குப் போயிருந்தபோது, 12 வயதுப் பிள்ளைகள் ஒப்புமை ஜோடிகளை நீள நீளமான பட்டியல்களாகப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். கல்லூரித் தேர்வுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது! உறவைக் கண்டுபிடிக்கும் திறனை அளக்க வந்த கேள்வி, உறவுகளை மனப்பாடம் செய்யும் பழக்கமாகப் போய் முடிந்ததை அவர் எடுத்துச் சொன்னார். தன் பல்கலைக்கழகத்துக்கு இந்தத் தேர்வு வேண்டாம் என்று பரிந்துரைத்தார். அவ்வளவு பெரிய பல்கலைக்கழகம் விலகப்போகிறது என்றதும் தேர்வு நடத்துபவர்கள் இறங்கிவந்தார்கள். 2005 மார்ச்சில் வந்த புதிய எஸ்.ஏ.டி.யில் ஒப்புமைப் பகுதி இல்லை. மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்விலிருந்தும் 2011-இல் அது போய்விட்டது.

அங்கே போனாலும் இங்கே போகவில்லை. நம் உதவித்தொகைத் தேர்விலும், மத்திய அரசு வேலைத் தேர்வுகளிலும் இன்றைக்கும் இருக்கிறது. பொருந்தாத ஜோடி என்ற உருவத்தில் இன்னும் அதிகமாகவே இருக்கிறது. அதைக் குறைசொல்ல மாட்டேன். நல்ல கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் பொருந்தாத ஜோடியில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. சாதாரண ஒப்புமையில் மாதிரி ஜோடி ஒன்றைக் கொடுத்து, இதைப் போல எது என்று கேட்கிறார்கள். இங்கே மாதிரியே கிடையாது. நான்கில் எந்த மூன்று மாதிரி என்பதையும் நாமே கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் இரண்டு விடை வந்து நிற்கிறது.

அப்படி நின்றால் எப்படித் தீர்ப்பது? அந்த நெசவாளர் வீட்டுப் பெண்ணின் விடையையே எடுத்துக்கொள்வோம். அன்றைக்குச் செய்ய வேண்டியதை இன்றைக்காவது செய்கிறேன்.

முதலில், அவள் சொன்ன காரணத்தில் ஜோடியின் இரண்டு சொல்லும் வருகிறதா? பேத்தி சொன்ன 'ரெண்டு கால்' காரணத்தில் கோழி மட்டும்தான் வந்தது, குஞ்சு வரவில்லை. அது ஜோடியின் உறவே இல்லை. இவள் சொன்னது அப்படியில்லை. 'இந்தத் தொழிலாளி தன் தொழிலுக்காக இந்தப் பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறார்.' தொழிலாளியும் இருக்கிறார், பொருளும் இருக்கிறது. தச்சர், கொல்லர், நெசவாளர் மூவருக்கும் ஒரே வாக்கியம் பொருந்துகிறது. குயவருக்குப் பொருந்தவில்லை. முதல் சோதனையில் அவள் தேறிவிட்டாள்.

இரண்டாவது, வாக்கியம் போதுமான அளவு இறுக்கமா? 'தேவைப்படும்' என்று சொல்லியிருந்தால் நான்கும் பொருந்தியிருக்கும், தளர்ச்சி. அவள் 'காசு கொடுத்து' என்று இறுக்கியிருக்கிறாள். இதிலும் தேறிவிட்டாள். எட்டாம் வகுப்பில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது, அந்த உறவு அந்தச் சொற்களின் அர்த்தத்திலேயே இருக்கிறதா, இல்லை ஒரு ஊரின் நிலவரத்தில் இருக்கிறதா? இங்கேதான் வித்தியாசம் வருகிறது. ஏரி இல்லாத ஊரில் குயவர் களிமண்ணை வண்டிக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். மரத்தை வீட்டுக்காரரே வாங்கிக் கொடுத்துத் தச்சருக்குக் கூலி மட்டும் தரும் ஊர்களும் உண்டு. ஊர் மாறினால் அவள் விடை மாறிவிடும். என் விடைத்தாளின் உறவு அப்படி மாறாது. மரம் கதவாகும், களிமண் பானையாகும், இரும்பு அரிவாளாகும். தறி ஒருநாளும் சேலையாகாது. எந்த ஊரிலும், எந்தக் காலத்திலும்.

எனவே விடைத்தாளின் விடைதான் வலுவானது. சிவப்பு மைக் கோட்டை இன்றைக்கும் நான் மாற்றிப் போட மாட்டேன். ஆனால் இந்த மூன்று படியையும் அன்றைக்கு அவளுக்குச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் போதும். 'மரம் கதவாகும், தறி சேலையாகுமா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், தறியோடு பிறந்து வளர்ந்த அந்தப் பிள்ளை வகுப்பில் எல்லோரையும்விட வேகமாகப் பிடித்திருக்கும். மற்றவர்கள் விடையை மட்டும் எழுதியிருந்தார்கள். உறவைத் தேடியவள் அவள் ஒருத்திதான். அவளிடம் போய் உறவைத் தேடாதே, கீயைப் பார் என்று நான் சொல்லாமல் சொல்லிவிட்டேன்.

கேள்வி எழுதியவன் என்ற முறையில் என் தப்பு இன்னொன்றும் உண்டு. நெசவாளர் ஊரில் உட்கார்ந்துகொண்டு, நூல் முதலாளியுடையது, தறி நெசவாளருடையது என்று தெரிந்துகொண்டே, தறியைப் பொருந்தாத இடத்தில் வைத்தேன். அந்தப் பிள்ளைகளுக்குத் தறி எப்படிப்பட்ட சொல் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எனக்கு அது கருவி. அவர்களுக்கு அது கடன். ரெகாட்டா என்று எழுதியவரைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி?

பேத்தியிடம் தப்பு என்று சொல்லவில்லை என்றேன் அல்லவா. "சரி, கோழிக்கும் குஞ்சுக்கும் நடுவுல என்ன?" என்று மட்டும் கேட்டேன். "குஞ்சு கோழியோட பாப்பா." "எருமைக்கும் கொட்டிலுக்கும்?" கொஞ்ச நேரம் முழித்தாள். பிறகு, "ஐயோ தாத்தா, கொட்டில் பாப்பா இல்ல, வீடு!" என்று கத்திவிட்டு ஓடிப்போய் அவள் பாட்டியிடம் இதே கேள்வியைக் கேட்டாள். பாட்டி "கோழி" என்றார்கள். வீட்டில் ஒரே சிரிப்பு.

இது படிக்கும் என் மாணவச் செல்வங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், பலர் பெற்றோர்கள். பிள்ளை தப்பாக எழுதினால் விடையைத் திருத்துவதற்கு முன்னால் வாக்கியத்தைக் கேளுங்கள். அதில் இரண்டு சொல்லும் வருகிறதா, இறுக்கமாக இருக்கிறதா, ஊர் மாறினாலும் நிற்குமா என்று பாருங்கள்.

அம்மா, நீ இதைப் படித்தால், அன்றைக்கு வகுப்போடு சேர்ந்து நானும் சிரித்ததற்கு மன்னித்துவிடு.

மற்றவர்களுக்கு ஒரு கேள்வி. பொருந்தாத ஜோடி எது?

கடல் : உப்பு
கரும்பு : சர்க்கரை
தென்னை : இளநீர்
பால் : நெய்

விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது. வாக்கியத்தோடு எழுதுங்கள். வேறு விடை வந்தாலும் பரவாயில்லை. இந்த முறை சிரிக்காமல் படிப்பேன்.